நன்னியின் தமிழும் கஸ்ஸாலியின் பத்து ஒழுங்குகளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. மார்க்கத் தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு இல்லை. பழைய புத்தகம் படிக்கிற ஆசை மட்டும்தான் உண்டு. அதனால இதை ஒரு வரலாற்றுக் குறிப்பா மட்டும் எடுத்துக்கங்க. சந்தேகம்னா உங்க ஊர் ஆலிமைக் கேளுங்க.

விஷயம் ஆரம்பிச்சது எங்க நன்னியிடமிருந்து. (நன்னின்னா எங்க பக்கம் பாட்டி.) தாம்பரத்துக்குக் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா பேச்சு இன்னும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். ராத்திரி மூணரை மணிக்கு எழுந்து தஹஜ்ஜுத் தொழுறது அவங்க வழக்கம். ஐவேளைத் தொழுகைக்கு மேல, தூக்கத்தை விட்டு எழுந்து விருப்பமாத் தொழுற தொழுகை அது. அதுல சுஜூதுல, அதாவது நெத்தியைத் தரையில வச்சு இருக்கும்போது, ரப்பிடம் தமிழ்ல பேசுவாங்க. சின்ன வயசுல பாதித் தூக்கத்துல நான் கேட்டிருக்கேன். யாருக்கு வேலை வேணும், யாருக்குக் கால் வலி, எந்தப் பேத்திக்கு மாப்பிள்ளை அமையலை, எல்லாம் வரிசையா வரும்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரமலான்ல பெண்கள் பயானுக்குப் போய்ட்டு வந்து ஒரு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. என்ன நன்னின்னு கேட்டேன். "சுஜூதுல தமிழ்ல துஆ கேட்டா தொழுகை முறிஞ்சிடுமாம்டா. அப்ப நான் நாப்பது வருசமா தொழுததெல்லாம் பாழா?" அப்படின்னாங்க. பயான் பண்ணினவங்க தப்பா ஒண்ணும் சொல்லலை, புத்தகத்துல இருக்கிறதைத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா எண்பதை நெருங்குற ஒரு அம்மாவுக்கு அது எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ராத்திரி எழுந்து தொழுதாங்க. சத்தமே வரலை.

சரி, புத்தகத்துல என்னதான் இருக்குன்னு பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

துஆ எப்படிக் கேட்கணும், எப்போ கேட்கணும் என்பதைப் பத்தி எழுதினவங்கள்ல அதிகமா மேற்கோள் காட்டப்படுறவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). அவரோட 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது நூல்களின் தொகுப்பு. அதுல ஒன்பதாவது நூல் திக்ரும் துஆவும் பத்தினது. துஆவுக்குப் பத்து ஒழுங்குகள் சொல்றார். அவருக்குப் பின்னால் வந்த இமாம் நவவியும் (1233–1277) 'அல் அத்கார்' கடைசியில துஆவின் ஒழுங்குகளுக்கு இந்தப் பத்தைத்தான் எடுத்து வைக்கிறார். பத்தையும் இங்கே ஒப்பிக்கப் போறதில்லை. எங்க நன்னி கேள்விக்கு வேண்டியதை மட்டும் பார்க்கலாம்.

முதல் ஒழுங்கு நேரம். வருஷத்துல அரஃபா நாள், மாசத்துல ரமலான், வாரத்துல வெள்ளிக்கிழமை, நாளுக்குள்ள சஹர் நேரம், அதாவது விடியலுக்கு முந்தின இருட்டு. பெரிசுல ஆரம்பிச்சு சின்னதுக்கு வர்ற அடுக்கு இது. சஹருக்கு அவர் கொண்டுவர்ற உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யூசுஃப் நபியைக் கிணத்துல தள்ளின அண்ணன்மார் கடைசியில வந்து, எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்க அத்தான்னு தகப்பன் யஃகூப் நபியிடம் நிக்கிறாங்க. அவர் உடனே கேட்கலை, பிறகு கேட்கிறேன்னு சொல்றார். ஏன் தள்ளிப் போட்டார்? சஹர் நேரம் வரட்டும்னு காத்திருந்தார் என்பது பழைய விளக்கம். பிள்ளைகளுக்காகக் கேட்கிற ஒரு தகப்பன் நல்ல நேரம் பார்த்துக் கேட்கிறார்!

இரவின் கடைசி மூணில் ஒரு பங்குன்னு ஹதீஸ்ல வர்ற நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்ச் மாசம் நடுவுல நம்ம தாம்பரத்துல சூரியன் மறையறது சுமார் 6.20. சுப்ஹு நேரம் தொடங்கறது அஞ்சு மணி வாக்குல. நடுவுல இருக்கிற இரவு 10 மணி 40 நிமிஷம். அதை மூணாப் பிரிச்சா ஒரு பங்கு மூணரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அஞ்சிலிருந்து பின்னால எண்ணினா கடைசிப் பங்கு ஏறக்குறைய ஒன்றரைக்குத் தொடங்குது. நடு இரவைப் பன்னிரண்டு மணின்னு வச்சுக் கணக்குப் போடறவங்க இங்கேதான் தப்பு பண்றாங்க. இது மஃரிபிலிருந்து சுப்ஹு வரைக்கும் உள்ள இரவு, கடிகார இரவு இல்லை. நன்னியோட மூணரை மணி இந்தக் கணக்குக்குள்ள நல்லாவே அடங்குது. அவங்க கணக்குப் போட்டு எழுந்திரிக்கலை என்பது வேற விஷயம்.

வெள்ளிக்கிழமைல ஒரு நேரம் இருக்கு, அதுல கேட்டது கிடைக்கும்னு ஹதீஸ். எது அந்த நேரம்? இமாம் மிம்பர்ல உட்கார்ந்ததுல இருந்து தொழுகை முடியற வரைன்னு ஒரு சாரார். அஸருக்குப் பின் சூரியன் மறையறதுக்கு முந்தின கடைசிப் பொழுதுன்னு இன்னொரு சாரார். இந்த ரெண்டும்தான் வலுவானவை. ஆனா ஃபத்ஹுல் பாரி எழுதின இப்னு ஹஜர் (இறப்பு 1449) இதைப் பத்தின கருத்துகளைச் சேர்த்தார், நாப்பதுக்கு மேல போச்சு! நபியவர்களின் மகள் ஃபாத்திமா, சூரியன் இறங்கறதைப் பார்த்துச் சொல்ல ஒரு பணிப்பெண்ணை நிறுத்தி வைப்பாங்களாம். அவள் சொன்னதும் துஆவில் உட்காருவாங்களாம். இதை கஸ்ஸாலி எடுத்துச் சொல்றார். லைலத்துல் கத்ர் மாதிரி இதுவும் மறைச்சு வைக்கப்பட்டது, நாள் முழுக்கத் தேடணும் என்பதுக்காகன்னும் ஒரு கருத்தைத் தர்றார்.

ரெண்டாவது ஒழுங்கு நேரம் இல்லை, நிலை. பாங்குக்கும் இகாமத்துக்கும் நடுவுல, நோன்பு திறக்கும்போது, மழை பெய்யும்போது, சுஜூதில். இதுல பாங்கு–இகாமத் இடைவெளி நம்ம பக்கத்துப் பள்ளிகள்ல அஸருக்குப் பதினைந்து இருபது நிமிஷம் இருக்கும். மஃரிபுக்கு மட்டும் பாங்கு முடிஞ்ச கையோட இகாமத். அந்தப் பதினைந்து நிமிஷத்துல நாம பண்றது என்னன்னு சொல்ல வேண்டியதில்லை, செல்போன் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியும்.

மழைன்னதும் முடிச்சூர் ஞாபகம் வருது. 2015 டிசம்பர்ல அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மாடி வரைக்கும் தண்ணி. மழை துஆ ஏற்கப்படும் நேரம்னு புத்தகம் சொல்லுது. அந்த நேரத்துல எல்லாரும் கேட்ட ஒரே துஆ மழை நிக்கணும் என்பதுதான். இதுக்கும் முன்னோடி இருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை நபியவர்கள் குத்பா ஓதிக்கிட்டு இருக்கும்போது ஒரு கிராமத்து ஆள் உள்ளே வந்து, கால்நடை எல்லாம் சாகுது, மழைக்குக் கேளுங்கன்னு நடுவுல குரல் கொடுக்கிறார். நபியவர்கள் அங்கேயே கையை உயர்த்திக் கேட்கிறாங்க. ஒரு வாரம் விடாத மழை. அடுத்த வெள்ளி மறுபடி ஒருத்தர் வந்து, வீடெல்லாம் இடியுது, நிறுத்தச் சொல்லிக் கேளுங்கன்றார். மழை வேண்டாம்னு நபியவர்கள் கேட்கலை. எங்க மேல வேண்டாம், எங்களைச் சுத்தி மலைமேல, ஓடைகள்ல, மரம் முளைக்கிற இடத்துல பெய்யட்டும் என்கிற பொருள்ல கேட்டாங்க. அனஸ் அறிவிக்கிற இந்தச் செய்தி புகாரியில் இருக்கு. அன்னைக்கு மதீனாவுல அந்த நிமிஷத்துக்காகக் கேட்ட வார்த்தைகள்தான் இன்னைக்கு எல்லா துஆப் புத்தகத்துலயும் "மழை அதிகமானால் ஓதும் துஆ"ன்னு தலைப்புப் போட்டு இருக்கு.

இங்கே ஒரு நிமிஷம் நிப்போம். ஏன்னா நன்னி கேள்வியோட வேர் இங்கேதான் இருக்கு. ஓதுற துஆ ஒண்ணு, கேட்கிற துஆ ஒண்ணு. வரிசை மாறாம மனப்பாடம் பண்ணி ஓதுறதா, தன் தேவையைத் தன் வார்த்தையில கேட்கிறதா? எது மேல்?

வார்த்தை மாறக் கூடாது என்கிறவங்களுக்கு வலுவான ஆதாரம் பராஉ என்கிற தோழரோட செய்தி. தூங்கப் போகும்போது ஓத ஒரு துஆவை நபியவர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க. அவர் சரியா மனசுல ஏறிச்சான்னு பார்க்கத் திருப்பிச் சொல்றார். நபி என்று வர்ற இடத்துல ரசூல் என்று சொல்லிடறார். பொருள்ல பெரிசா என்ன கெட்டுப் போச்சு? ஆனா இல்லை, நபின்னே சொல்லுன்னு திருத்தறாங்க. ஒரே ஒரு சொல்!

தன் வார்த்தை போதும் என்கிறவங்களுக்கும் ஒருத்தர் இருக்கார். தொழுகையில நீ என்னப்பா கேட்கிறேன்னு நபியவர்கள் ஒரு ஆளிடம் கேட்கிறாங்க. அவர் பட்டுனு சொல்றார்: சொர்க்கத்தைக் கேட்கிறேன், நரகத்திலிருந்து பாதுகாப்புக் கேட்கிறேன், மத்தபடி நீங்களும் முஆதும் முணுமுணுக்கிறது எனக்கு ஒண்ணும் விளங்கலை. (முஆத் தோழர்கள்ல பெரிய அறிஞர்.) நபியவர்கள் கோபப்படலை. நாங்களும் அதைச் சுத்தித்தான் முணுமுணுக்கிறோம்னு பதில் வந்தது. அபூதாவூத்ல வர்ற செய்தி. இதை நன்னிக்குச் சொன்னப்ப முதல் தடவையா சிரிச்சாங்க.

கஸ்ஸாலி இதுல எந்தப் பக்கம்? ரெண்டு பக்கமும் நிக்கிறார், அதுதான் சுவாரஸ்யம். அஞ்சாவது ஒழுங்கா அவர் சொல்றது, எதுகை மோனை போட்டு அலங்காரமா துஆ கேட்காதே என்பது. கேட்கிறவன் நிலைமை கெஞ்சறவன் நிலைமை, கெஞ்சறவனுக்கு எதுகை எங்கேயிருந்து வரும் என்கிறது அவர் வாதம். அதே மூச்சுல, வந்த துஆக்களைத் தாண்டிப் போகாம இருக்கிறது நல்லது, ஏன்னா எப்படிக் கேட்கணும்னு எல்லாருக்கும் தெரியாது, வரம்பு மீறிக் கேட்டுடுவான் என்றும் சொல்றார்.

வரம்பு மீறிக் கேட்கிறதுன்னா என்ன? ஹதீஸ்ல ஒரு ஆள் வர்றார். நோய்ல வத்தி, இறகு முளைக்காத குஞ்சு மாதிரி கிடக்கார். நபியவர்கள் பார்க்கப் போறாங்க. நீ ஏதாவது கேட்டியான்னு விசாரிக்கிறாங்க. ஆமா, மறுமையில எனக்கு என்ன தண்டனை உண்டோ அதை இங்கேயே கொடுத்துடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன் என்கிறார். பாவம், பக்தியிலதான் கேட்டிருக்கார். உன்னால தாங்க முடியாதே, இம்மையிலும் நன்மை மறுமையிலும் நன்மை, நரகத்திலிருந்து பாதுகாப்புன்னு கேட்டிருக்கக் கூடாதான்னு குர்ஆன்ல வர்ற துஆவை எடுத்துக் கொடுக்கிறாங்க. முஸ்லிம் தொகுப்பில் இருக்கிற செய்தி. "கேட்கத் தெரியாது" என்று சொல்றது இதைத்தான். அறியாமைன்னு இல்லை, உணர்ச்சி வேகத்துல தனக்கே கேடு கேட்டுக்கிறது.

ஆனா அலங்காரத்தைக் கண்டிக்கிற அந்த இடத்துல கஸ்ஸாலி கூப்பிடற சாட்சி யாருன்னு பாருங்க. ஹபீப் அல் அஜமி. அஜமின்னாலே அரபி அல்லாதவர். பாரசீகக்காரர், பஸராவுல இருந்தவர். எதுகையோட நீட்டி முழக்கி துஆ ஓதிக்கிட்டு இருந்த ஒரு கதை சொல்லியைப் பார்த்து முன்னோர்ல ஒருத்தர் சொல்றார்: அல்லாஹ்விடமா உன் வித்தையைக் காட்டறே? ஹபீப் கேட்கிறதை நான் பார்த்திருக்கேன். எங்களை நல்லவங்களா ஆக்கு, மறுமையில மானத்தை வாங்காதே, நல்லதுக்கு வழி காட்டு. இந்த அளவுக்கு மேல அவர் போனதில்லை. ஆனா நாலு பக்கத்திலிருந்தும் ஜனங்க அவர் பின்னால நின்னு கேட்டாங்க. இந்த ஹபீபுக்கு அரபி உச்சரிப்பே சரியா வராதுன்னும், அதனால ஹஸன் பஸ்ரி அவர் பின்னால நின்னு தொழாம விட்டார்னும் அத்தார் எழுதின கதை ஒண்ணு உண்டு. கதைதான், ஆனா கஸ்ஸாலி காலத்து உலகத்துல அரபி தடுமாறுற ஆளோட துஆவுக்கு என்ன மதிப்பு இருந்ததுன்னு காட்டுது. (மைக் கிடைச்சா அரை மணி நேரம் அடுக்குமொழியில துஆ ஓதுற நம்ம ஊர் வழக்கத்தை நினைச்சுக்கிட்டேன். யாரையும் குறிப்பிடலை!)

இது வரைக்கும் எல்லாம் தொழுகைக்கு வெளியே. அங்கே தமிழுக்குத் தடையே இல்லை. முனாஜாத்துன்னு ஒரு இலக்கிய வகையே தமிழ் முஸ்லிம்கள் வச்சிருந்தாங்க. அந்த அரபிச் சொல்லுக்கே தனியா ரகசியமாப் பேசறதுன்னு பொருள். புலவர்கள் அதைப் பாட்டா எழுதினாங்க, மத்தவங்க அதை மனப்பாடமாப் பாடினாங்க. ஒருத்தரோட ரகசியம் எல்லாருக்கும் பாடமாப் போச்சு. தொண்டியார்பேட்டையில 1838ல மறைஞ்ச குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழ்ல உருகினதை முஸ்லிம் அல்லாதவங்களும் பாடினாங்க. நம்ம கோவளம் தர்காவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்க. கேட்கிறதெல்லாம் தமிழ்தான். (அங்கே யாரிடம் கேட்கலாம் என்கிற சண்டைக்குள்ள நான் போகலை, அது தனிப் பதிவு.)

சிக்கல் தொழுகைக்கு உள்ளேதான். அடியான் தன் ரப்புக்கு ரொம்ப நெருக்கமா இருக்கிறது சுஜூதில், அதனால அங்கே நிறைய துஆ கேளுங்கன்னு ஹதீஸ் இருக்கு. ஆனா தொழுகைக்குள்ள மனுஷப் பேச்சு எதுவும் ஆகாதுன்னும் ஹதீஸ் இருக்கு. தொழுகையில யாரோ தும்மினதுக்கு ஒருத்தர் பதில் சொல்லிட்டார், அப்போ சொன்னது. இந்த ரெண்டையும் எப்படிச் சேர்த்து வைக்கிறது என்பதுல மத்ஹபுகள் பிரியுது. தாம்பரம் பக்கம் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தஞ்சாவூர், திருநெல்வேலி உள்நாட்டிலிருந்து வந்த எங்களை மாதிரி ராவுத்தர்கள் ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரைன்னு கடற்கரையிலிருந்து வந்தவங்க ஷாஃபி. ஒரே சஃப்புல தோளோடு தோள் நின்னு தொழுறோம்.

ஹனஃபிகள் பார்க்கிறது என்ன கேட்கிறே என்பதை. 'ஹிதாயா' எழுதின மர்கீனானி (இறப்பு 1197) ஒரு அளவுகோல் கொடுக்கிறார். மனுஷன் கிட்ட கேட்க முடியாத ஒண்ணைக் கேட்டா அது துஆ. பாவத்தை மன்னி என்பது மாதிரி. மனுஷன் கிட்டயே கேட்கக்கூடியதைக் கேட்டா அது மனுஷப் பேச்சு. இன்ன பொண்ணை எனக்குக் கட்டி வை என்பது மாதிரி! இதுக்கு மேல ஒரு நுணுக்கமும் வைக்கிறார். எனக்கு ரிஸ்க் கொடு, அதாவது வாழ்வாதாரம் கொடு என்கிறது எந்தப் பக்கம்? மனுஷப் பேச்சுப் பக்கம்தான் என்கிறார். ஏன்னா படைத்தலைவன் படைக்கு ரிஸ்க் கொடுத்தான்னு ஜனங்க பேச்சு வழக்குல சொல்றாங்களாம். படிச்சதும் திக்குனு ஆச்சு. நன்னியோட பட்டியல் முழுக்க வேலையும் மாப்பிள்ளையும்தான்.

ஷாஃபிகள் என்ன கேட்கிறே என்பதைப் பத்திக் கவலைப்படலை. அத்தஹிய்யாத்துக்குப் பிறகு உனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அந்த துஆவைத் தேர்ந்து கேள் என்கிற பொருள்ல இப்னு மஸ்ஊத் அறிவிக்கிற ஹதீஸை அப்படியே எடுத்துக்கிறாங்க. பொண்ணு கேட்கலாம், வேலை கேட்கலாம். அவங்க பார்க்கிறது எந்த மொழியில என்பதை. நவவி 'மஜ்மூஉ'வில எழுதறார்: ஹதீஸ்ல வந்த துஆவை அரபியில சொல்ல இயலாதவன் தன் மொழியில மொழிபெயர்த்துச் சொல்லலாம், இயன்றவன் கூடாது. ஆனா சொந்தமா ஒரு துஆவைக் கட்டி அதை அரபி அல்லாத மொழியில தொழுகைக்குள்ள சொன்னா தொழுகை முறியும்.

ஆக, நன்னி ஹனஃபியா இருந்தா பொருள்ல மாட்டறாங்க, ஷாஃபியா இருந்தா மொழியில மாட்டறாங்க. ரெண்டு பக்கமும் கதவு சாத்தின மாதிரி எனக்குத் தோணிச்சு.

அப்புறம்தான் இந்தப் பக்கத்துல ஒரு பள்ளியில ரொம்ப வருஷம் இமாமா இருந்து ஓய்வு பெற்ற ஒரு வயசான ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். நான் படிச்சதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, இஸ்திகாரா துஆ ஓதியிருக்கீங்களா?"ன்னார். ஓதியிருக்கேன் ஹஜ்ரத்ன்னேன். "அதுல நடுவுல என்ன செய்வீங்க?"

அப்போதான் உறைச்சது. ஒரு காரியத்துல எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாதப்போ ரெண்டு ரகஅத் தொழுதுட்டு ஓதுற துஆ அது. குர்ஆன் அத்தியாயத்தைச் சொல்லித் தர்ற மாதிரி நபியவர்கள் அதைச் சொல்லித் தந்தாங்கன்னு ஜாபிர் சொல்றார். அவ்வளவு கட்டான வாசகம். ஆனா அதுக்குள்ள "இந்தக் காரியம்"னு வர்ற இடத்துல அவனவன் தன் தேவையைச் சொல்லிக்கணும். தாம்பரம் ஸ்டேஷன்ல ரிசர்வேஷன் ஃபாரத்துல பேர் எழுத விட்டிருக்கிற கோடு மாதிரி ஒரு காலி இடம். ஓதுற துஆவுக்குள்ளேயே கேட்கிற துஆவுக்கு இடம் விட்டிருக்கு.

ஹஜ்ரத் இன்னொண்ணும் சொன்னார். அனஸ் இருக்காரே, அவர் ஒரே ஒரு துஆ கேட்கணும்னா அந்த இம்மை மறுமை நன்மை துஆவைக் கேட்பார், நீளமா வேற துஆ கேட்கணும்னாலும் அதுக்குள்ள இதைச் சேர்த்துக்குவார். "சுஜூதுல பாட்டியம்மா அந்த ரப்பனாவை அரபியிலேயே சொல்லட்டும். மகன் வேலை, பேத்தி கல்யாணம் எல்லாம் இம்மை நன்மைதானே? மனசுல நினைச்சுக்கட்டும். மனசுல நினைச்சா நம்ம மத்ஹபுல தொழுகை முறியாது, நாக்குல சொன்னாத்தான். ஸலாம் கொடுத்த பிறகு தமிழ்ல விடிய விடியப் பேசட்டும். நேரம் அதே சஹர்தானே, எங்கே ஓடிப் போயிடப் போகுது?"

நாப்பது வருஷத்துத் தொழுகை? அதையும் கேட்டேன். ஹஜ்ரத் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "ஃபர்ளு தொழுகையிலயும் தமிழ்ல கேட்டாங்களா? சரி, தஹஜ்ஜுதுன்னா, அது தொழுகைக்குள்ள சுஜூதா, ஸலாம் கொடுத்த பிறகு நெத்தியை வச்சுக் கேட்டதா? முதல்ல அதை விசாரிச்சீங்களா?"

விசாரிக்கவே இல்லை. இத்தனை புத்தகம் புரட்டினவன் இதைக் கேட்கலை! ஸலாத்துக்குப் பிறகு நெத்தியை வச்சுக் கேட்டா அது தொழுகைக்கு வெளியே. அதுல முறியறதுக்கு ஒண்ணும் இல்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஃபர்ளுல எல்லாம் கிடையாதுடா, அதுல ஓதவேண்டியதை ஓதுவேன், அவசரமா இருக்கும்னாங்க. தஹஜ்ஜுதுல? கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "சில நாள் தொழுகைக்குள்ள, சில நாள் முடிச்சுட்டு. துக்கம் தாங்கலைன்னா எங்க இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?"

இதைப் போய் ஹஜ்ரத்துகிட்ட சொன்னேன். சிரிச்சார். தெரியாம நடந்ததுக்கு நல்லெண்ணம் வைக்கணும், ஆரம்பிச்ச நஃபில் முறிஞ்சதுன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் திருப்பித் தொழுற பேச்சு, எண்ணிக்கை தெரியாததைப் போட்டு அந்த அம்மாவை வதைக்காதீங்கன்னார். பத்தாவது ஒழுங்கை வேணும்னா படிச்சுக் காட்டுங்கன்னு சொல்லி அனுப்பினார்.

பத்தாவதைத்தான் துஆ ஏற்கப்படறதுக்கு அடிப்படைன்னு கஸ்ஸாலி சொல்றார். நேரம், கை, குரல் எதுவும் இல்லை. தவ்பா செய்யறது, பிறருக்கு இழைச்ச அநீதியைத் திருப்பிக் கொடுக்கிறது. படிச்சுக் காட்டினேன். நன்னி கேட்டுட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் மூணு மாசமாப் பேசாம இருந்தாங்க, ஒரு குப்பைத் தொட்டித் தகராறு. மறுநாள் சாயங்காலம் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியோட அந்த வீட்டு வாசல்ல நின்னாங்க.

இப்பவும் மூணரைக்கு எழுந்திரிக்கிறாங்க. சுஜூதுல ரப்பனா மட்டும் கேட்குது, மெதுவா, அரபியில. ஸலாம் கொடுத்த பிறகு சுவரோரமா சாய்ஞ்சுக்கிட்டுத் தமிழ் ஆரம்பிக்குது. போன கோடையில ஒரு நாள் நானும் விழிச்சிருந்தேன். பேரன் பேத்தி எல்லாம் முடிஞ்சு கடைசியில, "ரப்பே, அந்தத் தண்ணி லாரிக்காரன் நாளைக்காவது வந்து சேரட்டும்"ன்னாங்க. மர்கீனானி அளவுகோல் படி பார்த்தா இது சுத்தமான மனுஷப் பேச்சு. ஆனா ஸலாம் கொடுத்தாச்சு. லாரி பதினொரு மணிக்கு வந்தது.